திரும்பி வரும் 95 கிலோமீட்டர்: மதுரையில் ஓர் ஓட்டுநர் சொந்த வண்டி வாங்கிய கணக்கு

2023 நவம்பரில், தீபாவளிக்கு மறுவாரம், மேலூர்க்காரர் ஒருவர் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். 19 ஆண்டுகள் மதுரை கீழமாரட் வீதியில் ஒரு வெங்காய மண்டிக்கு வண்டி ஓட்டிவிட்டு, அந்த ஆண்டு ஏப்ரலில்தான் சொந்தமாக ஒரு பழைய தோஸ்த் சரக்கு வண்டி வாங்கியிருந்தார். நோட்டில் ஒவ்வொரு நாளும் வாடகை எவ்வளவு, டீசல் எவ்வளவு, டோல் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று அழகாக எழுதியிருந்தார். ஏழு மாதத்தில் ஒருநாள்கூட நட்டம் இல்லை. ஆனால் நான்கு டயரும் தேய்ந்துவிட்டன, அடுத்த மாதம் இன்சூரன்ஸ் முடிகிறது, இரண்டுக்கும் சேர்த்து 54,000 ரூபாய் வேண்டும், கையில் இருந்ததோ 9,000 ரூபாய். "தினமும் லாபம்னுதான் சார் எழுதியிருக்கேன். அந்தக் காசெல்லாம் எங்க போச்சுன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

சிறிய வண்டி உரிமையாளர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். இதே கேள்வியோடு வருகிறவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் குடிப்பவர்களோ ஊதாரிகளோ அல்லர். நல்ல ஓட்டுநர்களாக இருந்ததால்தான் சொந்த வண்டி வாங்கத் துணிந்தவர்கள். இந்த மேலூர்க்காரரின் சம்மதத்தோடு அவருடைய கணக்கை இங்கே பிரித்து வைக்கிறேன். பெயரைத் தவிர்க்கச் சொன்னார், தவிர்த்திருக்கிறேன்.

வண்டியும் கடனும்

அவர் வாங்கிய வண்டி ஒன்றேகால் டன் ஏற்றும் வகை, நான்கு ஆண்டு ஓடியது, விலை 4,80,000 ரூபாய். அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்ததில் அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்பது அவருக்குத் தெரியும். இயந்திரம் குளிர்ந்திருக்கும் அதிகாலையில் போய், தானே ஸ்டார்ட் செய்து, ஆயில் மூடியைக் கழற்றிவிட்டு ஓடவிட்டு, அங்கிருந்து புகை தள்ளுகிறதா என்று பார்த்திருக்கிறார். பின் ஸ்பிரிங் பட்டைகள் வளைவு இழந்து தட்டையாகிவிட்டனவா, பட்டையைத் தாங்கும் இடத்தில் சேசிஸில் வெல்டிங் அடித்த தடம் இருக்கிறதா என்று கீழே படுத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றேகால் டன் வண்டியில் இரண்டு டன் ஏற்றி ஓட்டியவர் என்ன பெயின்ட் அடித்தாலும் அந்த இரண்டு இடங்களில் அதை மறைக்க முடியாது. பழைய அபராதச் சலான்கள் பாக்கி இல்லை என்பதையும், முந்தைய கடன் முடிந்து ஆர்.சி.யில் நீக்கப்பட்டுவிட்டது என்பதையும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் சரிபார்த்திருக்கிறார்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். ஆர்.சி.யில் பெயர் மாறிய கையோடு இன்சூரன்ஸிலும் பெயரை மாற்றியிருக்க வேண்டும். அதற்கு 14 நாள்தான் அவகாசம். வண்டி கைமாறும்போது பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு தானாகவே புதிய உரிமையாளரைச் சேரும். வண்டிக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு அப்படிச் சேராது. "இன்சூரன்ஸ் டிசம்பர் வரைக்கும் இருக்கே" என்று இருந்துவிட்டார். ஜூன் மாதம் மேலூரில் ஒரு பேருந்து உரசிக் கதவும் பக்கப் பலகையும் நசுங்கின. காப்பீட்டுக்கு எழுதிப் போட்டபோது பாலிசி பழையவர் பெயரில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 14,000 ரூபாய் கைக்காசு போனது. மண்டியில் வேலை பார்த்த 19 ஆண்டுகளில் இன்சூரன்ஸ் தாளை அவர் டேஷ்போர்டில் வைத்திருந்தாரே தவிர, அதில் யார் பெயர் இருக்கிறது என்று படிக்க வேண்டிய தேவை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

கடன் விஷயம் சற்று நுட்பமானது. சீட்டு எடுத்த பணத்தில் 80,000 முன்பணம் கட்டி, மீதி 4,00,000 ரூபாயை ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் 48 மாதத் தவணைக்கு வாங்கினார். வட்டி எவ்வளவு என்று கேட்டதற்கு "பத்துப் பெர்சன்ட்" என்றார். அது ஃப்ளாட் வட்டி. அதாவது நான்கு லட்சத்துக்கு ஆண்டுக்கு 40,000 வீதம் நான்கு ஆண்டுக்கு 1,60,000 ரூபாயை முதலிலேயே கூட்டி, 5,60,000 ரூபாயை 48 ஆல் வகுத்திருக்கிறார்கள். மாத டியூ 11,667 ரூபாய். மூன்றாவது ஆண்டில் கடன் பாதிக்கும் கீழே இறங்கிய பிறகும் முழு நான்கு லட்சத்துக்கும் வட்டி கட்டிக்கொண்டே இருப்பார். மீதிக் கடனுக்கு மட்டும் வட்டி போடும், வங்கிகள் சொல்லும் குறையும் நிலுவை முறையில் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 17.5 சதவீதம். பத்துப் பெர்சன்ட் என்று சொல்லும் கடனையும் பதினான்கு பெர்சன்ட் என்று சொல்லும் வங்கிக் கடனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் பத்தைத்தான் எடுப்பார்கள். டியூ தொகை எவ்வளவு என்று இரண்டு இடத்திலும் கேட்டிருந்தால் இந்த மயக்கம் வந்திருக்காது.

நோட்டில் இருந்த கணக்கு

வாடகை அவருக்கு எளிதாகவே கிடைத்தது. காரைக்குடியில் ஆறு காய்கறிக் கடைக்காரர்கள் சேர்ந்து மாட்டுத்தாவணிச் சந்தையில் சரக்கு எடுக்கிறார்கள். மண்டியில் இருந்த காலத்திலேயே பழக்கமானவர்கள். இரவு ஒன்றரை மணிக்கு வண்டியைச் சந்தையில் நிறுத்தி, மூன்று மணிக்குக் கிளம்பி, மேலூர், திருப்பத்தூர் வழியாக ஐந்தரை மணிக்குள் காரைக்குடி போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு கடையாக இறக்கிவிட்டு, காலிப் பிளாஸ்டிக் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பத்து மணிக்குள் மதுரை. போக 95, வர 95, ஆக 190 கிலோமீட்டர். ஒரு நடைக்கு 2,800 ரூபாய், மாதம் 24 நடை. ஏற்றுக்கூலி இறக்குக்கூலி கடைக்காரர்கள் பொறுப்பு. கணக்கு வாராவாரம் சனிக்கிழமை பட்டுவாடா.

அவர் நோட்டில் ஒரு நாள் கணக்கு இப்படி இருக்கும். டீசல் 1,280 ரூபாய். சராசரியாக லிட்டருக்கு 14 கிலோமீட்டர், அப்போதைய விலை லிட்டர் 94 ரூபாய். டோல், சந்தை நுழைவு, டீ, டிபன் எல்லாம் சேர்த்து 350. மீதி 1,170. அந்த 1,170 ரூபாய்க்குக் கீழே இரட்டைக் கோடு போட்டிருப்பார். மாதத்துக்கு 28,080. அதில் டியூ 11,667 போனால் 16,413. உள்ளூரில் வீடு மாற்றுவது, கட்டில் பீரோ ஏற்றுவது என்று இன்னொரு நாலாயிரம் ஐயாயிரம். மண்டியில் அவர் கடைசியாக வாங்கிய சம்பளம் 18,000. "சம்பளத்துக்குக் கொஞ்சம் மேலயே நிக்குது, நாலு வருசத்துல வண்டியும் நம்மளது" என்ற நினைப்பில் 20,000 ரூபாயையும் மாதாமாதம் வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார். காசு போன இடம் இதுதான். யாரும் ஏமாற்றவில்லை, வீட்டில் அரிசியாகவும் பள்ளிக் கட்டணமாகவும் செலவாகியிருக்கிறது.

இந்த நோட்டு ஓர் ஓட்டுநர் எழுதியது என்பதை அதன் பத்திகளைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். மண்டி ஓட்டுநர் தினமும் முதலாளியிடம் ஒப்புவிப்பது டீசல், டோல், பேட்டா மூன்றையும்தான். டயர் மாற்றுவது, தகுதிச் சான்றான எஃப்.சி.க்கு விடுவது, இன்சூரன்ஸ் கட்டுவது எல்லாம் முதலாளி ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்கிற காரியங்கள். ஓட்டுநரின் தினக் கணக்கில் அவை வருவதே இல்லை. தானே முதலாளியான பிறகும் அவர் தன்னிடம் தானே ஒப்புவிக்கும் ஓட்டுநர் கணக்கைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

மெதுவாகக் கரையும் செலவு

நாங்கள் இருவரும் உட்கார்ந்து, உடனே கண்ணுக்குத் தெரியாத செலவுகளை இரண்டாகப் பிரித்தோம். வண்டி ஓடினால் மட்டும் ஆகிறவை ஒரு பக்கம், வீட்டு வாசலில் நின்றாலும் ஆகிறவை மறுபக்கம்.

ஓடினால் ஆகிறவற்றில் பெரியது டயர். நான்கு டயர் 26,000 ரூபாய், லோடு வண்டிக்கு 45,000 கிலோமீட்டர் வந்தால் நல்லது. கிலோமீட்டருக்கு 58 பைசா. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் சர்வீஸ் 5,500 ரூபாய், 55 பைசா. கிளட்ச், பிரேக், பட்டை, பேரிங் ஆகியவற்றுக்கு, தெற்குவாசல் பக்கம் அவருக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டு, 70 பைசா வைத்தோம். மூன்றும் சேர்ந்து 1 ரூபாய் 83 பைசா. 190 கிலோமீட்டருக்கு 348 ரூபாய்.

நின்றாலும் ஆகிறவற்றில் இன்சூரன்ஸ், சாலை வரி, எஃப்.சி. மூன்றையும் மாதத்துக்கு 3,500 என்று எடுத்துக்கொண்டோம். எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி.; அதன் பிறகு ஆண்டுதோறும். இந்த வண்டிக்கு எட்டு வயது ஆகும் ஆண்டில்தான் கடனும் முடிகிறது என்பதை அவர் முதல்முறையாக அன்றுதான் கவனித்தார். அதாவது "வண்டி நம்மளது" ஆகும் நாளிலிருந்து அது ஆண்டுதோறும் பெயின்ட், வெல்டிங், விளக்கு என்று செலவு கேட்கத் தொடங்கும்.

அடுத்தது வண்டியின் விலை இறக்கம். நான்கு ஆண்டு கழித்து இதே வண்டி 2,40,000 ரூபாய்க்குப் போகலாம் என்று வைத்தோம், பாதி விலை. மாதத்துக்கு 5,000 ரூபாய் கரைகிறது. அதோடு கடன் வட்டி, மாதத்துக்கு 3,333. இங்கே பலர் குழம்புவார்கள் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். டியூ முழுவதையும் செலவு என்று எழுதக்கூடாது. அதில் அசல் பங்கு வண்டியாக அவரிடமே நிற்கிறது. ஆனால் அந்த வண்டியின் விலை குறைந்துகொண்டே போகிறது. ஆகவே விலை இறக்கத்தையும் வட்டியையும்தான் செலவாக எடுக்க வேண்டும். டியூவையும் எழுதி விலை இறக்கத்தையும் எழுதினால் ஒரே செலவு இரண்டு முறை வந்துவிடும். இரண்டையும் எழுதாவிட்டால் வண்டி இலவசமாகக் கிடைத்தது போல ஆகிவிடும்.

3,500, 5,000, 3,333 மூன்றும் சேர்ந்து மாதம் 11,833. அதை 24 நடைக்குப் பிரித்தால் ஒரு நடைக்கு 493 ரூபாய். ஓட்டச் செலவு 348 சேர்ந்து 841. இரட்டைக் கோடு போட்ட 1,170 ரூபாயில் இதைக் கழித்தால் 329 ரூபாய் மிஞ்சுகிறது. இரவு ஒன்றரை மணியிலிருந்து காலை பத்து மணி வரை எட்டரை மணி நேரம் விழித்து ஓட்டியதற்குக் கூலி 329 ரூபாய், மாதம் 7,896.

கையில் புழங்கும் காசாகப் பார்த்தால் நிலைமை இன்னும் இறுக்கம். டியூ போக நின்ற 16,413 ரூபாயில், டயருக்கும் சர்வீஸுக்கும் உதிரிபாகத்துக்கும் மாதம் 8,352, இன்சூரன்ஸ் வகையறாவுக்கு 3,500 என்று எடுத்து வைத்திருந்தால் வீட்டுக்குக் கொடுக்க அவரிடம் இருந்திருக்க வேண்டியது 4,561 ரூபாய். உள்ளூர் நடை வருமானத்தைச் சேர்த்தாலும் பத்தாயிரம் தேறாது. அவர் கொடுத்தது 20,000. மண்டி முதலாளி ஒரு நடைக்கு 3,200 கேட்டபோது "ரொம்பக் கேக்குறாரே" என்று தானே மனசுக்குள் நினைத்ததாக அப்போது சொன்னார். "அவரு கணக்குல டயர் இருந்திருக்கு சார்."

வாடகை பேசிய விதம்

2,800 ரூபாய் எப்படி வந்தது என்று கேட்டேன். காரைக்குடிக்கு 95 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 28, 29 ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார். அது போகும் வழிக்கு மட்டுமான பேச்சு. காலியாகத் திரும்பும் 95 கிலோமீட்டருக்கும் டயர் தேய்கிறது, டீசல் எரிகிறது, டோல் கழிகிறது. 190 கிலோமீட்டருக்கு என்று பார்த்தால் அவர் வாங்கியது கிலோமீட்டருக்கு 14 ரூபாய் 74 பைசா. உள்ளூர் ஸ்டாண்டில் வீடு மாற்ற வருகிறவர்களிடம் அந்த விலையைச் சொன்னால் அவரே சிரிப்பார்.

வாடகையை உயர்த்துவது ஒரு வழி. ஆனால் வெறுமனே "கட்டுபடியாகலை" என்று போய் நின்றால் கடைக்காரர்கள் வேறு வண்டி பார்ப்பார்கள். மாட்டுத்தாவணியில் அதிகாலை இரண்டு மணிக்கு வண்டிக்குப் பஞ்சமில்லை. எனவே ஒரு தாளில் டீசல், டயர், இன்சூரன்ஸ் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு போய், 3,050 ரூபாய் கேட்டார். அதோடு ஒரு நிபந்தனையும் சேர்த்தார்: டீசல் விலை லிட்டருக்கு 2 ரூபாய் ஏறினால் வாடகையில் 27 ரூபாய் ஏறும், இறங்கினால் 27 ரூபாய் இறங்கும். ஒரு நடைக்கு பதின்மூன்றரை லிட்டர் சொச்சம் என்பதால் வந்த எண் அது. கடைக்காரர்கள் முனகிவிட்டு ஒப்புக்கொண்டார்கள். வியாபாரிகளுக்குக் கணக்குப் புரியும். அவர்களிடம் கெஞ்சலைவிடக் கணக்கு நன்றாக எடுபடும். 2024 மார்ச் மத்தியில் டீசல் விலையை லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்தார்கள். அந்தச் சனிக்கிழமை அவராகவே 27 ரூபாய் வீதம் குறைத்துச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். கடைக்காரர்களில் மூத்தவர் அந்தச் சீட்டைக் கல்லாவில் வைத்துக்கொண்டாராம். அதன் பிறகு வாடகை பற்றி அவர்களோடு பேச்சே எழவில்லை.

ஆத்தங்குடிக் கல்

பெரிய மாற்றம் திரும்பும் வழியில்தான் வந்தது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடி. அங்கே கண்ணாடித் தட்டில் சாயமும் சிமென்டும் ஊற்றிக் கையால் செய்யும் தரைக்கல்லுக்கு மதுரையில் வீடு கட்டுகிறவர்களிடம் நல்ல கிராக்கி. சிறிய பட்டறைகள் முன்னூறு சதுர அடி, நானூறு சதுர அடி என்று அனுப்பும்போது பெரிய லாரி கட்டாது, பார்சல் சர்வீஸில் போட்டால் உடையும். காலியாக மதுரைக்குத் திரும்பும் ஒன்றேகால் டன் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு கிடைக்காது.

முதல் நடையில் 38 கல் உடைந்தது. காய்கறிப் பெட்டி அடுக்கிப் பழகியவர், கல்லையும் படுக்கை வசமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார். மேலே உள்ள எடை முழுவதும் அடிக்கல்லில் இறங்கி, திருப்பத்தூர் தாண்டி ஒரு வேகத்தடையில் பின்சக்கரம் குதித்தபோது கீழ் வரிசை விரிசல் விட்டது. உடைந்ததற்கு ஈடாகப் பாதி வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது நடைக்குப் பட்டறையில் வயதான ஒருவர் கூடவே நின்று காட்டிக் கொடுத்தார். கல்லைப் புத்தகம் போல விளிம்பில் நிறுத்த வேண்டும். பூ வேலை உள்ள முகம் முகத்தோடு சேர, இடையில் வைக்கோல். தரையில் முதலில் பழைய சாக்கு. கேபின் சுவரை ஒட்டித் தொடங்கி, இடைவெளி விடாமல் பின்னால் வர வேண்டும்; கடைசி வரிசை சாயாமல் இருக்க ஒரு பலகையை நிறுத்திக் கயிறு. "அசையாத கல்லு ஒடையாதுப்பா" என்றாராம் அவர். அதற்குப் பிறகு நடைக்கு இரண்டு மூன்று கல்லுக்கு மேல் உடைந்ததில்லை. நூற்றுக்கு ஒரு கல் வரை உடைந்தால் பட்டறை பொறுப்பு, அதற்கு மேல் வண்டி பொறுப்பு என்று பேசி முடித்துக்கொண்டார்.

காலிப் பெட்டிகளை என்ன செய்வது என்ற சிக்கலும் இதில் எளிதாகத் தீர்ந்தது. அவர் எடை போட்டுப் பார்த்ததில் எட்டங்குலச் சதுரக் கல் ஒன்று ஒன்றே முக்கால் கிலோ. 650 கல் வைத்தால் 1,138 கிலோ ஆகிவிடுகிறது, ஆனால் வண்டியில் இடுப்பளவு உயரம்கூட வராது. பெட்டிகளோ எடையே இல்லாமல் இடத்தை அடைக்கிறவை. கல்லுக்கு மேல் பலகை பரப்பி, பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்கினால் இரண்டும் ஒரே நடையில் வந்துவிடும். பெட்டிகளின் எடைக்கு இடம் விட வேண்டும் என்பதால்தான் 650 கல்லோடு நிறுத்திக்கொள்கிறார்.

சரக்கை எடுத்துப் போக ஜி.எஸ்.டி.யில் எடுக்கும் சீட்டு இ-வே பில். காய்கறிக்கு அது கிடையாது என்பதால் மண்டியில் இருந்தவரை அந்தத் தாளையே பார்த்திராதவர் அவர். கல்லுக்கு அப்படி இல்லை. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்குத்தான் இ-வே பில் கட்டாயம். 650 கல் அந்த மதிப்பை எட்டாது. ஆனால் விற்பனைப் பில் கையில் இருந்தே ஆக வேண்டும். பில் இல்லாமல் ஏற்றச் சொன்ன ஒரு பட்டறைக்கு அவர் போவதை நிறுத்திவிட்டார்.

திரும்பும் நடைக்கு வாடகை 1,800. சற்று விலகிப் போவதற்கும் லோடோடு வருவதற்கும் கூடுதல் டீசல், தேய்மானம், இறக்குக்கூலியில் அவர் பங்கு, உடைவு எல்லாம் சேர்த்து 500 போகிறது. நிற்பது 1,300. நின்றாலும் ஆகும் செலவுகளைப் போகும் நடையே சுமந்துவிட்டதால் இதில் மறுபடி கழிக்க ஒன்றும் இல்லை. மாதம் 12 நாள் இப்படிக் கிடைக்கிறது, 15,600 ரூபாய். வாடகை உயர்வால் வந்தது 6,000. பழைய 7,896 சேர்த்து மாதம் 29,496. இதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், கல் ஏற்றும் நாள்களில் வீடு சேரப் பகல் ஒரு மணி ஆகிவிடும். அந்த நாள்களில் உள்ளூர் நடை எடுப்பதில்லை, தூங்கிவிடுகிறார். இது நான் வற்புறுத்தியது. இரவு முழுக்க விழித்தவர் பிற்பகலில் பீரோ ஏற்றிக்கொண்டு பைபாஸில் போவதைக் கணக்கில் எப்படி எழுதினாலும் ஒருநாள் அது வேறு கணக்கில் வரும்.

ஏற்றாத லோடு

2024 மே மாதம் அவருடைய பழைய தொழிலில் இருந்தே ஒரு வாடகை வந்தது. 36 மூட்டை வெங்காயம், மூட்டை 50 கிலோ, ஆக 1,800 கிலோ. சிவகாசிக்கு நல்ல விலை. மண்டி வண்டியில் இப்படி ஏற்றி எத்தனையோ முறை ஓட்டியவர்தான். பிடிபட்டால் அன்றைக்கு முதலாளி கட்டினார். 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பிடிபடாவிட்டாலும் பட்டையும் பின் டயரும் அந்த 550 கிலோவைக் கணக்கு வைத்துக்கொள்கின்றன. இரண்டு நடையாகக் கொண்டுபோகிறேன் என்றார். மண்டிக்காரர் வேறு வண்டி பிடித்துக்கொண்டார். அது நட்டம்தான் என்று இப்போதும் அவருக்கு ஒரு மனக்குறை உண்டு. நான் அதை மாற்ற முயலவில்லை.

இரண்டாவது வண்டி

2025 தொடக்கத்தில் மறுபடி வந்தார். நோட்டு இப்போது இரண்டு. ஒன்றில் தினக் கணக்கு. மற்றொன்றில், ஒவ்வொரு சனிக்கிழமையும் பட்டுவாடா வாங்கிய கையோடு, அந்த வாரத்து ஓட்டக் கிலோமீட்டரை 1.83 ஆல் பெருக்கி, இன்சூரன்ஸ் வகையறாவின் வாரப் பங்கையும் சேர்த்துத் தனி வங்கிக் கணக்கில் போட்ட விவரம். அந்தக் கணக்கில் 61,000 ரூபாய் இருந்தது. 2024 டிசம்பர் இன்சூரன்ஸை அதிலிருந்தே கட்டியிருந்தார். வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்திருந்தோம். பத்து வண்டிக்குள் வைத்திருக்கும் சரக்கு வண்டிக்காரர், இந்த அளவு வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று காட்டிவிட்டால் பில் புத்தகமெல்லாம் அடுக்க வேண்டியதில்லை. வரி ஒன்றும் வராது. ஆனால் அந்தத் தாள் இருந்தால்தான் வங்கி மேலாளர் உட்காரச் சொல்வார்.

மைத்துனரை ஓட்டவிட்டு இன்னொரு வண்டி வாங்கலாமா என்பது கேள்வி. இதே வண்டி, இதே காரைக்குடி, இன்னொரு கடைக்காரர் கூட்டம் என்றே வைத்துக்கொள்வோம். நடைக்கு 329, உயர்த்திய 250 சேர்த்து 579. 24 நடைக்கு 13,896. இது ஓட்டுநருக்கு எதுவும் கொடுப்பதற்கு முன். சம்பளம் 15,000, நடைக்கு 200 பேட்டா வீதம் 4,800, ஆக 19,800. மாதம் 5,904 ரூபாய் கையிலிருந்து போடும் தொழில் அது. முதல் வண்டியில் லாபம் போலத் தெரிந்ததில் பெரும்பகுதி அவருடைய சொந்தக் கூலிதான் என்பது இந்த ஒரு கழித்தலில் வெளிப்பட்டுவிடுகிறது. சொந்தக்காரராயிற்றே, குறைத்துக் கொடுக்கலாம் என்று அவர் மனைவி சொன்னாராம். மைத்துனரை அடிமாட்டுச் சம்பளத்துக்கு வைத்தால் ஆறு மாதத்தில் வண்டியும் போகும், உறவும் போகும் என்று அவரே மறுத்துவிட்டார்.

திரும்பும் லோடு ஒன்றுக்கு 1,300 என்றால், மாதம் ஐந்து கிடைத்தால் கைநட்டம் நிற்கும்; பன்னிரண்டு கிடைத்தால் 9,696 மிஞ்சும். எனவே வண்டி வாங்குவதா என்ற கேள்வியை, இன்னும் எத்தனை கல் லோடு இருக்கிறது என்ற கேள்வியாக மாற்றிக்கொண்டு ஆத்தங்குடிக்குப் போனார். மூன்று பட்டறைகளில் கேட்டதில் மாதம் நான்கு, மிஞ்சிப்போனால் ஐந்து என்றார்கள். அதுவும் ஆடி மாதத்தில் புதுவீட்டு வேலை மந்தமானால் குறையும். வங்கி குறையும் நிலுவை வட்டியில் கடன் தரத் தயாராக இருந்தும் அவர் அந்த ஆண்டு வாங்கவில்லை. அதற்குப் பதிலாக, மைத்துனருக்கு லைசென்ஸ் இருப்பதால், வாரத்தில் இரண்டு இரவு அவரை நடைக்கு 700 ரூபாய் கொடுத்து ஆக்டிங்காக ஓட்டச் சொல்லி, தான் காரைக்குடி போகாத அந்த இரண்டு பகல்களில் மதுரையிலேயே சிமென்ட் கடைக்கு உள்ளூர் நடை அடிக்கிறார். வண்டி ஒன்றுதான், ஓடும் மணி நேரம் கூடியிருக்கிறது. அந்த ஏற்பாட்டின் முதல் மூன்று மாதக் கணக்கு இன்னும் என் மேசைக்கு வரவில்லை.